சித்தி படித்தாலும் முகம் சுளிக்காத கேப்ஷன்

பாம்பனிலிருந்து ராமநாதபுரத்துக்குத் தினமும் பஸ் ஏறி மூன்று மாதம் சோஷியல் மீடியா மார்க்கெட்டிங் படித்தேன். செய்முறைத் தேர்வில் 20 மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி: உங்கள் ஊர்ப் பொருள் ஒன்றை மாற்றுப் பொருளோடு ஒப்பிட்டு இன்ஸ்டாகிராம் கேப்ஷன் எழுதுக, போட்டியாளர் பெயர் வரக் கூடாது, யாரையும் தாழ்த்தவும் கூடாது. முதல் தடவை எனக்கு 6 கிடைத்தது. மறுபடி எழுதியபோது 17. இதே கேள்வியில் உட்காரப் போகிறவர்களுக்காக, இடையில் என்ன மாறியது என்று எழுதுகிறேன்.

அம்மா நெத்திலிக் கருவாடு போடுகிறார். மூங்கில் பரண் கட்டி, அதன் மேல் வலை விரித்து, உப்புப் போடாமல் காய வைப்பது எங்கள் வழக்கம். அதைத்தான் எடுத்துக்கொண்டேன். முதல் தடவை நான் எழுதியது இது:

"மணல்ல புரண்ட கருவாட்டை வாங்கி ஏமாறாதீங்க! பல்லுல நறநறன்னு கடிபடாத சுத்தமான நெத்திலி எங்ககிட்ட மட்டும்தான்!"

பெயர் எதுவும் சொல்லவில்லையே, இதில் என்ன தப்பு என்று நினைத்தேன். தேர்வாளர் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "உங்க கரையில மணல்ல காய வைக்கிறது யாரும்மா?" என் சித்தி. அடுத்த வீடு. அவரைத் தவிர இன்னும் நாலைந்து வீடுகள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சின்ன ஊரில் ஒரு முறையைத் திட்டினால், அந்த முறையில் வேலை செய்கிறவர் யார் என்று ஊருக்கே தெரியும்.

ஊர் பெரிதானாலும் இதுதான் கதை. பெயரைச் சொல்லாமல் சிவப்புப் பல்பொடி என்ற வகையையே மட்டமாகக் காட்டிய ஒரு டிவி விளம்பரத்தை 2004-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தடுத்தது. ஒரு வகைப் பொருள் முழுவதையும் தாழ்த்தினால், அதை விற்கிற ஒவ்வொருவரையும் தாழ்த்தியதாகத்தான் அர்த்தம். விளம்பரத் துறை தனக்குத் தானே வைத்துக்கொண்ட ஆஸ்கி விதிகளும் ஒப்பீட்டைத் தடுக்கவில்லை. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும், சொன்னதை நிரூபிக்க முடிய வேண்டும், மறைமுகமாகக்கூட அடுத்தவர் பொருளை இழிவுபடுத்தக் கூடாது. இந்த மூன்றும் நினைவில் இருந்தால் வாய்மொழித் தேர்வில் சமாளித்துவிடலாம்.

ஆனால் மதிப்பெண் போவது விதி தெரியாததால் இல்லை. தமிழில் தாழ்த்துகிற வேலையைச் சின்னச் சின்னச் சொற்கள் சத்தமில்லாமல் செய்துவிடுகின்றன. "எங்க நெத்திலி சுத்தமானது" என்றால் என் பொருளைப் பற்றிப் பேசுகிறேன். "எங்க நெத்திலிதான் சுத்தமானது" என்றால் கரையில் இருக்கிற எல்லாருடைய கருவாடும் அழுக்கு என்று சொல்லிவிட்டேன். ஒரு 'தான்' போதும். 'மட்டும்', 'ஏமாறாதீங்க', 'மத்தவங்க மாதிரி இல்லாம' எல்லாம் அதே ஜாதி. 'கலப்படம் இல்லாத' என்பதும் அப்படித்தான். யாரும் கேட்காதபோது அதைச் சொன்னால், கலப்படம் செய்கிறவர் பக்கத்தில் இருக்கிறார் என்று படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். எழுதி முடித்ததும் நான் முதலில் இந்தச் சொற்களைத் தேடி வட்டம் போடுவேன். அவற்றை எடுத்த பிறகு வாக்கியத்தில் ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால், சொல்வதற்கு என்னிடம் விஷயம் இல்லை என்று அர்த்தம்.

விஷயத்தைத் தேடித்தான் இரண்டாம் தடவை ஒரு வேலை செய்தேன். வெவ்வேறு நாளில் காய்ந்த நெத்திலியில் மூன்று தடவை 100 கிராம் எடுத்து, எவர்சில்வர் சட்டியில் தண்ணீர் விட்டு அலசினேன். ஒவ்வொரு தடவையும் தண்ணீரை வடித்து, சட்டி அடியில் மணல் தங்குகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். இரண்டு மாதிரிகள் இரண்டே அலசலில் சுத்தமாகிவிட்டன. மூன்றாவதற்கு மூன்று அலசல் தேவைப்பட்டது. அது கச்சான் காற்று வேகமாக அடித்த நாளில் காய்ந்தது. மணல் பரணுக்கும் ஏறி வந்துவிடும். எங்களுடையதில் மணலே இல்லாதது போல முதலில் எழுதியிருந்தேனே, அது பொய் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்து வைத்தேன்.

அடுத்து, எதோடு ஒப்பிடுவது? இங்கேதான் யோசனையை மாற்றினேன். விற்கிறவரை விட்டுவிட்டு வாங்குகிறவரைப் பார்த்தேன். அவர் கையில் இரண்டு வழி இருக்கிறது: உப்புக் கருவாடு, உப்பில்லாக் கருவாடு. சித்தி போடுவது உப்புக் கருவாடு. அது நாள்பட இருக்கும், குழம்புக்கு எடுப்பாக இருக்கும், ஆனால் சமைக்கும் முன் ஊற வைக்க வேண்டும். எங்களுடையதை அப்படியே வறுக்கலாம், ஆனால் அதிக நாள் தாங்காது. இரண்டு பக்கமும் நிறை இருக்கிறது, குறையும் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தின் நிறையையும் நம் குறையையும் சொன்னால்தான் ஒப்பீடு ஒப்பீடாக இருக்கும். சேர்ந்து படித்த பலர் இந்த இடத்தில் தயங்கினார்கள், 'நம்ம குறையை நாமே சொல்றதா?' என்று. எனக்கு அதில்தான் மதிப்பெண் ஏறியது.

விலையைத் தொடாதீர்கள் என்பேன். உப்பும் ஈரமும் எடையில் சேரும். அதனால் உப்புக் கருவாடு ஒரு கிலோவில் இருக்கிற மீனும் உப்பில்லாதது ஒரு கிலோவில் இருக்கிற மீனும் ஒன்றல்ல. கிலோ விலையை அருகருகே போட்டால் சித்தியுடையது மலிவாகத் தெரியும். அதை விளக்கப் போனால் 'உப்பு போட்டு எடை ஏத்துறாங்க' என்று நான் சொன்னதாகிவிடும். இரண்டுமே நியாயமில்லை.

கடைசியாக எழுதிக் கொடுத்தது இது:

"குழம்பா, வறுவலா?
குழம்புக்கும், மழைக்காலத்துக்கு எடுத்து வைக்கவும் உப்புக் கருவாடு நல்லது. நாள்பட இருக்கும். சமைக்கும் முன்னாடி கொஞ்ச நேரம் ஊறணும்.
உடனே வறுக்கணும்னா உப்பில்லா நெத்திலி. நாங்க பரண்ல வலை விரிச்சு காய வைக்கிறோம். ரெண்டு அலசு, காத்தடிக்கிற காலத்துல மூணு. டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சு, ஒரு மாசத்துக்குள்ள தீர்த்துடுங்க."

முதல் வரியைக் கேள்வியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. இன்ஸ்டாகிராமில் மீதியைத் தட்டித்தான் திறக்க வேண்டும். ஒப்பீடு இருக்கிறது என்பது முதல் வரியிலேயே தெரிய வேண்டும். படத்தையும் கவனியுங்கள். மணலில் கிடக்கிற கருவாட்டை மங்கலாகவும் நம்முடையதைப் பளிச்சென்றும் அருகருகே போட்டால், கேப்ஷனில் சொல்லாமல் விட்டதைப் படம் சொல்லிவிடும். நான் எங்கள் பரணை மட்டும் எடுத்தேன்.

கொடுப்பதற்கு முந்தின நாள் அதைச் சித்தியிடம் வாசித்துக் காட்டினேன். அவர் மீன் கழுவிக்கொண்டே கேட்டார். "ஊறணும்னு சொன்னே, எவ்வளவு நேரம்னு சொல்லலையே? அரை மணி நேரம்னு போடு" என்றார். நான் போட மறந்துவிட்டேன். போன 3 மதிப்பெண்ணில் ஒன்று அதற்குத்தான்.