"விஷமம் உண்டோ?" என்று கேட்டார்கள்

பெரியம்மாவுக்கு 74 வயது. பெரியப்பா போனபின் உடுமலைப் பக்கத்து ஊரை விட்டு, இரண்டு ஆடுகளோடு கேரள எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் மகன் வீட்டுக்கு வந்தவர். அவருக்கு இருந்தது மனச்சோர்வு நோய் என்று ஒருவர் வாயிலிருந்து வருவதற்கு ஐந்து மாதம், நாலு டாக்டர், ஒரு ஸ்கேன் ஆனது. நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நானே கோட்டை விட்டிருக்கிறேன். அந்தக் கடுப்பில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தப்பு, அவர் அழாததால் எங்களுக்கு உறைக்கவில்லை. "வருத்தமா இருக்கா?" என்று கேட்டால் "எனக்கென்ன வருத்தம், பையன் நல்லாத்தான் வச்சிருக்கான்" என்பார். அது பொய்யில்லை. வயதானவர்களுக்கு வரும் மனச்சோர்வில் பல சமயம் சோகம் முன்னால் நிற்காது. எதிலும் நாட்டமில்லாமல் போவதுதான் முன்னால் நிற்கும், அதையும் அவர்கள் உடம்பின் மேல் போட்டுத்தான் சொல்வார்கள். பெரியம்மா சொன்னது மூன்று: வயிறு மந்தம், கால் குடைச்சல், தூக்கமில்லை. ஆகவே வயிற்றுக்கு ஒரு டாக்டர், காலுக்கு ஒரு டாக்டர். தூக்கத்துக்கு ஒருவர் அல்ப்ரஸோலாம் எழுதினார். அதைப் போட்டு இரண்டாம் நாள் ராத்திரி பாத்ரூம் வாசலில் விழுந்தார். நல்லவேளை, எலும்புக்கு ஒன்றுமில்லை.

அலுப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஆட்டுக்கொட்டகையில்தான் தெரிந்திருக்க வேண்டும். அலுத்தவருக்கு ஆசை இருக்கும், உடம்புதான் வராது. ஒரு நாள் படுத்து எழுந்தால் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விடுவார். பெரியம்மா ஆடு கத்துவதைக் கேட்டுக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் ஒரு ஆட்டை விற்றதற்கு "ஏன்டா?" என்றுகூடக் கேட்கவில்லை. துக்கமும் இப்படி இருக்காது. துக்கம் அலையலையாக வரும், நடுவில் பேரன் போனில் பேசினால் முகம் மலரும். இவருக்குப் பேரன் பேசினாலும் முகம் அப்படியே இருந்தது. விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு. காலையில் மோசமாக இருப்பார், சாயங்காலம் கொஞ்சம் தேவலை. இரண்டு வாரத்துக்கு மேல் அனேகமாக எல்லா நாளும் இப்படியே போனால் அதை வயசுக் கோளாறு என்று தள்ளக் கூடாது. நாங்கள் தள்ளினோம். "பெரியப்பா போன ஏக்கம்" என்று ஒரு காரணம் கையிலேயே இருந்ததால் வேறு காரணம் யாரும் தேடவில்லை.

சுகாதார மையத்தில் இதற்கென்றே மனச்சோர்வைக் கண்டறியும் கேள்விகள் வைத்திருக்கிறார்கள். கேரளத்தில் 'ஆஸ்வாசம்' என்ற பெயரில் நடக்கும் நல்ல திட்டம். அங்கே இருந்த சிஸ்டர் அன்பாகத்தான் கேட்டார்: "மனசினு விஷமம் உண்டோ அம்மே?" மலையாளத்தில் விஷமம் என்றால் வருத்தம். பெரியம்மா விறைப்பாக, "இந்த வயசுல நான் என்ன விஷமம் பண்ணப் போறேன்? அதெல்லாம் இல்லை" என்றார். சிஸ்டருக்குப் புரிந்தது கடைசி "இல்லை" மட்டும். சீட்டில் 'இல்லை' என்று விழுந்துவிட்டது. எல்லையில் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: சங்கடம் என்ற சொல்லும் அங்கே வேறு, இங்கே வேறு. கூடப் போகிறவர் கேள்வியைத் தமிழில் திருப்பிச் சொல்லலாம். பதிலை நோயாளியேதான் சொல்ல வேண்டும்.

அடுத்து மறதி. அடுப்பில் பால் பொங்குவது தெரியவில்லை, மாத்திரை போட்டது ஞாபகமில்லை. நரம்பு டாக்டர் நாள், கிழமை கேட்டார். எல்லாவற்றுக்கும் "தெரியல". ஸ்கேனில் மூளை வயதுக்கேற்ற அளவு சுருங்கியிருக்கிறது என்று வந்ததும் வீட்டில் 'மறதி நோய்' என்று முடிவு கட்டிவிட்டார்கள். பிறகு பாலக்காட்டில் மனநல டாக்டர்தான் பிரித்துச் சொன்னார். மறதி நோய்க்காரர் பெரும்பாலும் பதில் சொல்லப் பார்ப்பார், தப்பாகச் சொல்வார், சமாளிப்பார். குறையை வீட்டார்தான் சொல்வார்கள். மனச்சோர்வில் முயற்சியே இருக்காது, "எனக்கு மண்டை வேலை செய்யல" என்று அவரே புலம்புவார். மறதி நோய் வருஷக்கணக்கில் மெல்ல வரும். மனச்சோர்வு சில வாரங்களில் வரும். ஆனாலும் சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். அதனால் மனசு தேறியபின் ஞாபகப் பரிசோதனையைத் திரும்பச் செய்தே ஆக வேண்டும் என்றார்.

அவர் கேட்டது முதியோருக்கென்றே உள்ள 15 கேள்விகள், ஆம் இல்லை என்று மட்டும் பதில். தூக்கம், பசி, வலி எதுவும் அதில் கிடையாது. வயதானால் அவை எப்படியும் மாறும் என்பதால் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். மதிப்பெண் ஐந்துக்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும், பெரியம்மாவுக்கு 11. "உயிரோட இருந்து என்ன, செத்துடலாம்னு தோணுமா?" என்றும் நேராகக் கேட்டார். நாங்கள் பதறினோம். பெரியம்மா பதறவில்லை, "சாமி கூப்பிட்டுக்கிட்டா பரவால்ல" என்றார். அன்றைக்கே தோட்டத்து மருந்து டப்பாக்களைப் பூட்டி வைக்கச் சொன்னார் டாக்டர். மாத்திரையும் அண்ணன் கையில்தான். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்காமல் விடுவதுதான் ஆபத்து.

ஆனால் அன்று மாத்திரை எழுதவில்லை. தைராய்டு, ரத்த அளவு, பி12, சோடியம் பார்த்த ரிப்போர்ட் இல்லை, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையும் இல்லை. தைராய்டு குறைந்தாலும் பி12 குறைந்தாலும் ஆள் இப்படியே ஆகலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுவோருக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு. ஒரு நாள் பஸ் பிரயாணம் வீண். அடுத்த முறை ரிப்போர்ட்டுகள் போயின, எல்லாம் சரியாகவே இருந்தன. அட்டையை மட்டும் அண்ணன் மறுபடி மறந்தார். "பிரஷர் மாத்திரை, வெள்ளையா சின்னதா இருக்கும்" என்றார். டாக்டர் மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் 25 மில்லிகிராமில் தொடங்கினார்.

பத்தாவது நாள் பெரியம்மாவுக்குக் கிறுகிறுப்பு, குமட்டல், பேச்சில் குழப்பம். "பைத்தியத்துக்குக் குடுக்கற மாத்திரை, அதான்" என்று அக்கம்பக்கத்தில் தீர்ப்பு. ரத்தம் எடுத்தால் சோடியம் 126. 135க்குக் குறையக் கூடாது. அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு இருந்திருக்கிறது. சிறுநீர் பிரியவைக்கும் அதுவும் சோடியத்தைக் குறைக்கும், செர்ட்ராலினும் குறைக்கும். வயதானவருக்கு இரண்டும் சேர்ந்தால் இப்படி ஆகலாம். ஓர் அட்டையைப் பையில் போட்டிருந்தால் மூன்று நாள் ஆஸ்பத்திரி வாசம் மிச்சம். இந்த வகை மாத்திரை தொடங்கினால் இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள் சோடியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். யாரும் எழுதித் தராவிட்டாலும் கேளுங்கள்.

பிரஷர் மாத்திரை மாறியது. செர்ட்ராலினுக்குப் பதில் ராத்திரி மிர்ட்டஸபின் 7.5 மில்லிகிராம், பிறகு 15. அதற்குச் சோடியம் குறைக்கும் குணம் கம்மி, தூக்கமும் பசியும் கூடும். தூக்கம் முதல் வாரமே வந்தது, நாட்டம் வரவில்லை. மூன்றாவது வாரம் அண்ணன் "பிரயோஜனமில்லை, நிறுத்திடலாம்" என்றார். வயதானவர்களுக்கு ஆறு, எட்டு வாரம்கூட ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் சண்டை போட்டுத் தொடர வைத்தோம். கூடவே தினமும் காலை ஒரே நேரத்தில் ஆட்டுக்கொட்டகை வரை நடக்கச் சொன்னார், மனசு வந்தாலும் வராவிட்டாலும்.

ஏழாவது வாரம், அண்ணி வைத்த கீரையை வாயில் வைத்துவிட்டு, "இதுல யாரு இத்தனை தண்ணி ஊத்துனது?" என்று அதட்டினார். அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மாலையே விற்ற ஆட்டுக்கு எவ்வளவு கிடைத்தது என்ற விசாரணையும் ஆரம்பமானது. அண்ணன் இன்னும் சரியான தொகையைச் சொல்லவில்லை.

மாத்திரை தேறியபின்னும் குறைந்தது ஒரு வருஷம். ஞாபகப் பரிசோதனை அடுத்த மாதம். அட்டைகள் எல்லாம் இப்போதே பையில்.