இந்தியாவில விட்டு வந்த போனஸ் காசு

தமிழ்நாட்டு அகதி முகாமில இருந்து ஊர் திரும்பி கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் குடியேறின சிலருக்கு, தமிழ்நாட்டுக் கம்பனியில பாதி வருசம் செய்த வேலையின் போனஸ் வரவேண்டி இருந்தது. இங்கே தனியார் துறையில போனஸ் முதலாளியின்ர மனசைப் பொறுத்தது. அங்கே அது சட்டப்படி வரவேண்டிய காசு; 2025 நவம்பர் 20 வரை அதுக்கு இருந்தது 1965ஆம் ஆண்டுப் போனஸ் சட்டம். வேலையை விட்டு நின்றவருக்கும் உண்டு.

முதல் பார்க்கவேண்டியது மூன்று விசயம். தொழிற்சாலை அல்லாத கம்பனியில 20 பேராவது வேலை செய்யவேணும். மாதச் சம்பளம் 21,000 இந்திய ரூபாவைத் தாண்டக்கூடாது. அடிப்படைச் சம்பளமும் விலைவாசிக்காகத் தாற பஞ்சப்படியும் மட்டும்தான் இந்தக் கணக்கில் சேரும், வீட்டு வாடகைப்படியும் ஓவர்டைமும் சேராது. "உனக்குக் கையில 22,000 வருது, போனஸ் இல்லை" என்று சொன்னால், சம்பளச் சீட்டில அடிப்படையையும் பஞ்சப்படியையும் மட்டும் கூட்டிப் பாருங்கோ.

மூன்றாவது, கணக்காண்டுக்குள்ள 30 வேலைநாள். அனேகமான கம்பனிகளுக்கு அது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. மாதக் கணக்கில் யோசிச்சால் இதில்தான் பிழைக்கும். மார்ச் முதலாம் திகதி சேர்ந்தவர் ஞாயிறு போக 26 அல்லது 27 நாள்தான் செய்திருப்பார். அந்த ஆண்டுக்கு அவருக்குப் போனஸ் இல்லை. சம்பளத்தோட எடுத்த லீவும், சம்பளத்தோட கிடைச்ச பிரசவ லீவும், வேலையில பட்ட காயத்தால வராத நாளும் வேலைநாளாகவே எண்ணப்படும். வருகைப் பதிவை வெறும் வந்த நாளாக எண்ணினால் குறையும்.

இனித் தொகை. குறைந்தது 8.33 வீதம். ஆனால் எந்தச் சம்பளத்தில? 7,000 ரூபா, அல்லது அந்த வேலைக்கு அரசு வைத்த குறைந்தபட்சக் கூலி, இரண்டில் எது கூடவோ அது. ஒரு உதாரணம்: அடிப்படையும் பஞ்சப்படியும் 12,500, குறைந்தபட்சக் கூலி 11,000 என்று வைப்பம். நாலு மாத வேலைக்கு 44,000இன் 8.33 வீதம், 3,665 ரூபா. கணக்குப்பிள்ளை பழக்கத்தில 7,000ஐப் போட்டால் 2,332தான் வரும். சிலர் அதையும் "நாலு மாதம்தானே" என்று மூன்றில் ஒன்றாக்குவினம். செய்த மாதச் சம்பளத்திலதானே வீதம் எடுத்தாச்சு, திரும்ப வெட்டுறதுக்கு இடமில்லை.

கணக்காண்டு முடிஞ்சு எட்டு மாதத்துக்குள்ள, அதாவது நவம்பர் 30க்குள்ள காசு கொடுக்கவேணும். ஏப்ரலில் கேட்டு "இல்லை" என்றால் மறுப்பு என்று நினைக்கவேண்டாம், தவணை வரேல்லை. டிசம்பரிலும் வராட்டில், அங்கே இருக்கிற சொந்தக்காரருக்கு எழுத்தில அதிகாரம் கொடுத்து, சம்பளச் சீட்டுப் பிரதிகளோட தொழிலாளர் துறையில முறைப்பாடு போடலாம். சீட்டு இல்லாட்டில் வங்கிப் புத்தகத்தில மாதாமாதம் விழுந்த வரவு உதவும்; ஆனால் அதில வாடகைப்படியும் கலந்திருக்கும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய ஊதியச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்திட்டுது. 30 நாளும் 8.33 வீதமும் அப்படியே. சம்பள உச்சவரம்பு அரசு அறிவித்தலால் குறிக்கப்படும். அதைப் பார்த்திட்டுக் கணக்குப் போடுங்கோ.