நீக்கிய பிறகும் ஒன்பது கணுக்கள்

கல்லூரியில் எங்கள் கைக்கு வரும் மாணவர் கடிதங்களுக்கு ஓர் அமைப்பு உண்டு. 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கும். காய்ச்சல், அக்கா திருமணம், வருகைப் பதிவில் குறை என்று ஏதாவது ஒன்று நடுவில் வரும். 'தேங்கிங் யூ' என்று முடியும். மூன்றாம் பருவ மாணவி ஒருத்தி தரவுக் கட்டமைப்புத் தேர்வு முடிந்தபின் கொடுத்த கடிதமும் அப்படித்தான் தொடங்கியது. நடுப்பகுதி மட்டும் வேறாக இருந்தது. அதில் மரம் வரைந்திருந்தாள்.

பாடத்தின் ஒருங்கிணைப்பாளர் நான் என்பதால் கடிதம் எனக்கு வந்தது. விடைத்தாளைத் திருத்தியவர் என் சக ஆசிரியர். கேள்வி இது: 50, 25, 75, 10, 40, 60, 90, 35, 65 ஆகிய எண்களை இந்த வரிசையில் செருகி இருமத் தேடல் மரம் அமைக்கவும், அதிலிருந்து முதலில் 50-ஐயும் பிறகு 25-ஐயும் நீக்கி, ஒவ்வொரு முறையும் மரத்தை வரையவும், நீக்கும் செயற்கூற்றை சி மொழியில் எழுதவும். மொத்தம் 13 மதிப்பெண். மரம் அமைக்க 3, இரண்டு நீக்கங்களுக்கு மூன்று மூன்று, நிரலுக்கு 4. அவள் பெற்றது 7. மரம் அமைத்ததற்கும் நிரலுக்கும் முழு மதிப்பெண், இரண்டு நீக்கங்களுக்கும் சுழியம்.

கடிதத்தின் சாரத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'இரண்டு பிள்ளைகள் உள்ள கணுவை நீக்கும்போது எந்த எண்ணை அதன் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று கேள்வியில் சொல்லவில்லை. நான் இடப்பக்கத்தின் மிகப் பெரிய எண்ணைக் கொண்டுவந்தேன். என் மரத்தின் இன்ஆர்டர் வரிசை 10, 35, 40, 60, 65, 75, 90. ஏறுவரிசையில் இருக்கிறது. ஆகவே என் விடை சரி. மறுமதிப்பீடு செய்து முழு மதிப்பெண் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

இருமத் தேடல் மரத்தில் எண் அமரும் ஒவ்வோர் இடமும் ஒரு கணு. ஒவ்வொரு கணுவுக்கும் இடப்பக்கம் அதைவிடச் சிறிய எண்கள், வலப்பக்கம் அதைவிடப் பெரிய எண்கள். ஒவ்வொரு கணுவிலும் முதலில் இடப்பக்கம், பிறகு அந்தக் கணு, பிறகு வலப்பக்கம் என்று படித்துக்கொண்டே போனால் வருவது இன்ஆர்டர் வரிசை. செருகி முடித்ததும் கிடைக்கும் மரம் இது:

```
          50
        /    \
      25      75
     /  \    /  \
   10   40  60   90
        /     \
      35       65
```

50-க்கு இருபுறமும் பிள்ளைகள் உண்டு. அதை அப்படியே பிடுங்கினால் மரம் இரண்டாகிவிடும். எனவே அதன் இடத்தில் அமரத் தகுதியான ஓர் எண் வேண்டும்: இடப்பக்கத்து எண்கள் எல்லாவற்றையும்விடப் பெரியதாகவும் வலப்பக்கத்து எண்கள் எல்லாவற்றையும்விடச் சிறியதாகவும் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவை இரண்டே. ஒன்று வலப்பக்கத்தின் மிகச் சிறிய எண்ணான 60. வகுப்பில் நாங்கள் சக்ஸஸர் என்போம். மற்றொன்று இடப்பக்கத்தின் மிகப் பெரிய எண்ணான 40, அதாவது பிரெடிசஸர். இரண்டில் எதுவானாலும் அதற்கு அதிகபட்சம் ஒரு பிள்ளைதான் இருக்கும். ஆகையால் பழைய இடத்திலிருந்து அதைக் கழற்றுவது எளிது. 60 போனால் அந்த இடத்துக்கு 65 ஏறும். 40 போனால் 35 ஏறும்.

விடைக்குறிப்பு இரண்டு முறையும் சக்ஸஸர் வழியே போயிருந்தது. மாணவி இரண்டு முறையும் பிரெடிசஸர் வழியே போயிருந்தாள். முடிவில் கிடைத்த மரங்கள் இவை. முதலாவது விடைக்குறிப்பில் இருந்தது, இரண்டாவது அவளுடையது.

```
        60                    40
       /  \                  /  \
     35    75              10    75
    /  \  /  \               \   / \
  10  40 65  90             35  60  90
                                  \
                                  65
```

முதல் மரம் எவ்வளவு சீராக இருக்கிறது பாருங்கள். ஏழு கணுக்கள், மூன்று மட்டங்கள், ஓர் இடம்கூடக் காலியில்லை. அந்தச் சீர்மை எண்கள் அமைந்த விதத்தால் தற்செயலாக வந்தது. நீக்கும் முறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கட்டுக்கட்டாகத் திருத்துகிறவரின் கண் அந்தச் சீரான மரத்துக்குப் பழகிவிடுகிறது. நான்கு மட்டங்களோடு வலப்பக்கம் தொங்கும் மரத்தைக் கண்டதும் கை தானாகச் சிவப்பு மையில் அடிக்கிறது.

சக ஆசிரியரிடம் விடைத்தாளைக் காட்டினேன். "நான் வகுப்பில் சக்ஸஸர் முறையைத்தானே நடத்தினேன்?" என்றார். உண்மைதான், நடத்தினார். ஆனால் கேள்வித்தாளில் அது இல்லை. 'சக்ஸஸர் முறையைப் பயன்படுத்தி' என்று எழுதியிருந்தால் மாணவிக்கு வழக்கே இல்லை. வகுப்பில் சொன்னது எழுதாமலே கேள்வியில் அடங்கும் என்று வைத்துக்கொண்டால், நூலகத்துக்குப் போய் வேறொரு புத்தகத்தைப் புரட்டியவள் அதற்காகவே தண்டிக்கப்படுவாள். இதில் எனக்குத் தயக்கம் எதுவும் இருக்கவில்லை. இரண்டு நீக்கங்களுக்கும் ஆறு மதிப்பெண் அவளுக்குச் சேர வேண்டியது.

என்னை நிறுத்தியது அவள் சொன்ன காரணம். இன்ஆர்டர் ஏறுவரிசையில் இருக்கிறது, ஆகவே விடை சரி என்கிறாள். இன்ஆர்டர் ஏறுவரிசையில் இருந்தால் அது ஒரு தேடல் மரம் என்று மட்டுமே தெரியும். 50-ஐ நீக்கியதால் கிடைத்த மரம்தான் அது என்று அதிலிருந்து தெரியாது. மீதமுள்ள எண்களைக் கொண்டு யார் வேண்டுமானாலும் புதிதாக ஒரு மரம் கட்டலாம்; அதன் இன்ஆர்டரும் இதே வரிசைதான். நீக்கப்பட்ட கணு, மாற்றாக வந்த எண், அது விட்டுப்போன இடம், இவை தவிர வேறு எதுவும் நகராமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அவள் மரத்தில் நகரவில்லை. 75-ம் அதன் கீழுள்ளவையும் முதலில் இருந்தபடியே இருந்தன. வரைபடம் சரி.

சரி, இந்த அளவுக்குப் பார்த்தாகிவிட்டது, நிரலையும் ஒருமுறை படித்துவிடலாம் என்று பக்கத்தைத் திருப்பினேன். இலையை நீக்குவதும் ஒரு பிள்ளை உள்ள கணுவை நீக்குவதும் குறையில்லாமல் இருந்தன. இரண்டு பிள்ளைகள் உள்ள இடத்தில் இப்படி எழுதியிருந்தாள்:

```c
t = findMax(root->left);
root->data = t->data;
root->right = del(root->right, t->data);
```

பாடப் புத்தகத்தில் `findMin(root->right)` என்று இருப்பதை, தன் வழிக்கு ஏற்ப `findMax(root->left)` என்று முதல் வரியில் மாற்றியிருக்கிறாள். மூன்றாவது வரியை மாற்ற மறந்துவிட்டாள். அங்கே இரண்டு இடத்திலும் `root->left` வர வேண்டும். புத்தகத்தில் உள்ளது போலவே தோற்றம் இருந்ததால் திருத்தியவர் நான்கு மதிப்பெண்ணும் போட்டுவிட்டார். சரியான படத்துக்குச் சுழியம், தவறான நிரலுக்கு முழு மதிப்பெண்!

அந்த நிரலை இயக்கினால் என்ன ஆகும்? 50-ஐ நீக்கச் சொன்னால், வேரில் 40 எழுதப்படும். பிறகு 40-ஐ வலப்பக்கத்தில் தேடும். அங்கே 40 கிடையாது. இல்லாத எண்ணை நீக்கச் சொன்னால் நிரல் சும்மா திரும்பிவிடும், பிழைச் செய்தி எதுவும் வராது. பழைய 40 இடப்பக்கத்தில் அப்படியே நிற்கும். இப்போது மரத்தின் இன்ஆர்டர் 10, 25, 35, 40, 40, 60, 65, 75, 90. அடுத்து 25-ஐ நீக்கினால் 10-ம் இரட்டிக்கும்: 10, 10, 35, 40, 40, 60, 65, 75, 90. இறங்குமுகம் எங்கும் இல்லை. கடிதத்தில் அவள் வைத்த அதே சோதனையை இந்த நிரலுக்கு வைத்தால், அதுவும் தேறிவிடும். எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்: ஒன்பது கணுக்கள் இருந்தன, இரண்டை நீக்கினோம், இன்னும் ஒன்பது இருக்கின்றன.

அவளை அழைத்து ஆய்வகத்தில் உட்காரவைத்தேன். "உன் படம் சரிதான் அம்மா. உன் நிரலைத் தாளில் உள்ளபடியே தட்டச்சு செய். 50-ஐ நீக்கிவிட்டு, பிறகு 40-ஐ நீக்கிப் பார்" என்றேன். 40 போகவில்லை. மறுபடி நீக்கினாள், மறுபடியும் இருந்தது. வேரில் உள்ள 40-ஐ நீக்கப் போனால் இடப்பக்கத்தின் பெரிய எண்ணைத் தேடும். அது அந்தப் பழைய 40. அதையே வேரில் எழுதிவிட்டு, வலப்பக்கத்தில் 40-ஐத் தேடி வெறுங்கையோடு திரும்பும். எத்தனை முறை கேட்டாலும் இதுவேதான். சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், "சார், மூன்றாவது வரி" என்றாள்.

பிறகு கேட்டாள்: "அப்படியானால் நிரலுக்கு மதிப்பெண் குறைப்பீர்களா, சார்? நான் அதைப் பற்றிக் கேட்கவே இல்லையே."

நியாயமான கேள்வி. மறுமதிப்பீடு கேட்டவளுடைய தாளை மட்டும் உருப்பெருக்கி வைத்துப் பார்த்து, கேட்காதவர்களின் பிழையை விட்டுவிட்டால், கேட்டதற்கே தண்டனை என்றாகிவிடும். எனவே விடைத்தாள் கட்டு முழுவதையும் வாங்கி, பிரெடிசஸர் வழியில் போனவர்களின் தாள்களை எல்லாம் தனியே எடுத்தோம். படத்துக்கு மதிப்பெண் இழந்தவர்களும் அவர்களே. நிரலை அரைகுறையாக மாற்றியிருக்க வாய்ப்புள்ளவர்களும் அவர்களே. இன்னும் சிலருடைய தாள்களிலும் அதே மூன்றாவது வரிப் பிழை இருந்தது. எல்லோருக்கும் ஒரே அளவுகோல்: படத்துக்கு முழு மதிப்பெண், பிழையுள்ள நிரலுக்கு நான்கில் இரண்டு. அவளுடைய 7, 11 ஆனது. கேட்டது 13. நிரலைச் சரியாக எழுதிய ஒருவனுக்கு 13-ம் கிடைத்தது. அவன் கடிதமே எழுதவில்லை.

விடைக்குறிப்பைத் திருத்தி எழுதும்போதுதான் சக ஆசிரியருக்கும் எனக்கும் உண்மையான வாக்குவாதம் வந்தது. ஒரு நீக்கத்துக்குச் சக்ஸஸர், மற்றொன்றுக்குப் பிரெடிசஸர் என்று ஒருவர் கலந்து செய்தால்? "ஒரு முறையைப் பிடித்தால் கடைசிவரை அதையே பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது அல்காரிதமே இல்லை" என்பது அவர் கட்சி. எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து எடுக்கும் முறையை 1962-இல் வெளியிட்டவர் தாமஸ் ஹிப்பார்ட். 1983-இல் ஜெஃப்ரி எப்பிங்கர் கணினியில் நீண்ட சோதனைகள் நடத்திப் பார்த்தார். செருகலும் நீக்கலும் மிகப் பல முறை மாறி மாறி நடந்தால், ஒரே பக்கத்திலிருந்து எடுக்கும் முறையில் மரம் மெல்ல ஒருபுறம் சாய்ந்து, தேடும் பாதை நீள்கிறது. இருபக்கமும் மாற்றி மாற்றி எடுத்தால் அந்தச் சீர்கேடு வருவதில்லை. 1985-இல் ஜோசப் கல்பர்சன், ஒருபக்க முறையில் அந்த நீளம் கணுக்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும் என்று கணித வழியில் காட்டினார். ஏழு கணுக்கள் உள்ள தேர்வு மரத்தில் இதெல்லாம் தெரியாது, உண்மைதான். ஆனால் கலப்பது பிழை என்று சொல்ல அங்கே இடமில்லை.

கடைசியில் விடைக்குறிப்பில் நான்கு இறுதி மரங்களையும் வரைந்தோம். வேரில் 60 உள்ளவை இரண்டு, 40 உள்ளவை இரண்டு. கலந்து செய்ததால் வரும் இரண்டு மரங்களுக்குக் கீழே சக ஆசிரியர் தன் கையால், 'எந்த எண்ணை எங்கிருந்து எடுத்தார் என்று மாணவர் குறிப்பிட்டிருந்தால் மட்டும்' என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.