கழற்றிவிட்டு அளந்த 12.1

"அண்ணா, ஸ்ட்ரிப்ப மாட்டி எரியவிட்டு அளந்து பார்க்கலாமா?"

"அதான் 12.1 காட்டுதுல்ல. நீ ஏணியைப் பிடி."

எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான். அந்தப் பையன் ஐடிஐ முடித்து என்னிடம் வயரிங் வேலைக்கு வந்து அப்போது நாலு மாதம் கூட ஆகவில்லை. இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் ஏற்காடு ஏறும்போதெல்லாம், ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்பும்போது, இந்த இரண்டு வரி மனசில் வந்துவிடுகிறது.

நாகலூர் ரோட்டில் ஒரு தங்கும் விடுதி. வராந்தா கைப்பிடிக்கு அடியில் 10 மீட்டருக்கு எல்இடி ஸ்ட்ரிப் ஓட்டியிருந்தேன். 12 வோல்ட், மீட்டருக்கு 9.6 வாட், ஐந்து மீட்டர் சுருள் இரண்டை ஒன்றன் வாலில் ஒன்றாகப் பற்றவைத்தது. 230ஐ 12 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் உள்ளே ஸ்டோர் ரூமில் இருந்தது. "வெளியில 230 வேண்டாம் தம்பி, பனி இறங்குற இடம், குழந்தைங்க வர்ற இடம்" என்று வீட்டுக்கார அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். நியாயமான பேச்சு. அதனால் ஸ்டோர் ரூமிலிருந்து வராந்தா மூலை வரை 14 மீட்டருக்கு ஒன் ஸ்கொயர், அதாவது ஒரு சதுர மில்லிமீட்டர் கனமுள்ள ஒயர் இழுத்தேன்.

சாயங்காலம் ஸ்விட்ச் போட்டதும், மூலையில் பரவாயில்லை. நடக்க நடக்க வெளிச்சம் இறங்கிக்கொண்டே போனது. கடைசி இரண்டு மீட்டரில் எல்இடி எரிகிறது என்று கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும். வெள்ளைப் பனிக்கு நடுவில் அது இன்னும் மங்கலாகத் தெரிந்தது.

ஸ்ட்ரிப்பைக் கழற்றினேன். ஒயர் முனையில் மீட்டர் வைத்தேன். 12.1. எஸ்எம்பிஎஸ் முனையிலும் 12.1. ஒயரையும் கையில் பிடித்துப் பார்த்தேன், துளிக்கூடச் சூடு இல்லை. சரி, ஒயர் நல்லாயிருக்கு, ஸ்ட்ரிப்தான் மட்டம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவை அப்போதே அந்த அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

இப்போது யோசித்தால், அந்த இரண்டு சோதனையுமே எனக்கு எதையும் சொல்லவில்லை. ஒயரில் கரண்ட் ஓடினால்தான் வோல்டேஜ் குறையும். குறையும் அளவு என்பது ஓடும் ஆம்பியரையும் ஒயரின் ரெசிஸ்டன்ஸையும் பெருக்கினால் வருவது. ஸ்ட்ரிப்பைக் கழற்றிவிட்டால் ஓடும் ஆம்பியர் கிட்டத்தட்ட பூஜ்யம், மீட்டர் இழுப்பது ஒன்றுமே இல்லை. அந்த நிலையில் தலைமுடி மாதிரி ஒயர் போட்டிருந்தாலும் 12.1தான் காட்டும். தண்ணீர்க் குழாயைக் கடைசியில் அடைத்து வைத்துவிட்டு அழுத்தம் முழுசா இருக்கே என்று சொன்ன மாதிரி. சூட்டுக் கதையும் அப்படித்தான். ஒன் ஸ்கொயர் ஒயர் எட்டு ஆம்பியரைப் பெரிதாகச் சூடாகாமல் தாங்கும். தாங்குமா என்பது ஒரு கேள்வி, போய்ச் சேரும்போது எவ்வளவு மிஞ்சும் என்பது வேறு கேள்வி. வீட்டு வயரிங்கில் முதல் கேள்வியை மட்டும் கேட்டே பதினைந்து வருஷம் ஓட்டிவிட்டேன். 230 வோல்ட்டில் நாலு வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது.

96 வாட் என்றதும் பழைய நூறு வாட் பல்பு ஒன்றுதான் மனசில் வந்தது. அந்தப் பல்பு 230ல் அரை ஆம்பியர்கூட எடுக்காது. அதே 96 வாட்டை 12 வோல்ட்டில் கொண்டுபோனால் எட்டு ஆம்பியர். ஒன் ஸ்கொயர் ஒயருக்கு கிலோமீட்டருக்கு சுமார் 19.5 ஓம். 14 மீட்டர் என்றாலும் போகிற கம்பி, வருகிற கம்பி இரண்டையும் சேர்த்து 28 மீட்டராகக் கணக்கிட வேண்டும். 0.55 ஓம் வருகிறது. எட்டு ஆம்பியரால் பெருக்கினால் 4.4 வோல்ட். பென்சிலும் பேப்பரும் இருந்தால் இரண்டு நிமிஷ வேலை. நான் செய்யவில்லை.

மறுநாள் சேலம் இறங்கி, கடைவீதிப் பக்கம் எப்போதும் வாங்கும் கடையில் ஸ்ட்ரிப்பைப் போட்டேன். கடைக்காரர் கவுண்டர் மேலேயே ஒரு எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு சுருளை மாட்டிக் காட்டினார். "இங்க நல்லாத்தானே எரியுது தம்பி?" நன்றாகத்தான் எரிந்தது. அரை மீட்டர் ஒயர், ஐந்து மீட்டர் ஸ்ட்ரிப், எரியாமல் என்ன செய்யும். "மேல போட்டா எரியலைங்க" என்றேன். பற்றவைத்த ஸ்ட்ரிப்பை அவர் கம்பெனிக்குத் திருப்ப முடியாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒன்றும் பேசாமல் வேறு கம்பெனிச் சுருள் இரண்டை எடுத்துக் கொடுத்தார்.

மேலே கொண்டுபோய் மாட்டினோம். அதே மங்கல்.

நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். பையன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மீட்டரை எடுத்துக்கொண்டு, ஸ்ட்ரிப் எரிந்துகொண்டிருக்கும்போதே, மூன்று எல்இடிக்கு ஒரு முறை வெட்டுக்குறியில் தெரியும் செம்புப் புள்ளிகளில் முனையை வைத்தான். ஆரம்பத்தில் 10.8. நடுவில் ஒரு தரம் வைத்தான். கடைசிக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வைத்தான். 9.5. மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டுப் பேசாமல் எழுந்துவிட்டான்.

12.1 எங்கே, 9.5 எங்கே. போன 2.6 வோல்ட்டில் ஒயரில் பாதி, ஸ்ட்ரிப்பின் செம்புப் பட்டையில் பாதி.

2.6 வோல்ட்தானே, அதற்கு இவ்வளவு இருட்டா என்று யாரும் கேட்கலாம். நானும் கேட்டேன். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று வெள்ளை எல்இடி வரிசையாக, கூட ஒரு ரெசிஸ்டர். ஒவ்வொரு எல்இடிக்கும் சுமார் மூன்று வோல்ட், ஆக ஒன்பது அவற்றுக்கே போய்விடும். மிச்சம் மூன்று வோல்ட்தான் ரெசிஸ்டருக்கு, எவ்வளவு கரண்ட் ஓடவேண்டும் என்று முடிவு செய்வது அந்த மூன்றுதான். 9.5 வோல்ட் வந்தால் ரெசிஸ்டருக்கு அரை வோல்ட் மிஞ்சும். மூன்றில் அரை என்றால் ஆறில் ஒரு பங்கு கரண்ட். வெளிச்சமும் ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கும். பன்னிரண்டிலிருந்து கணக்குப் பார்த்தால் சின்னக் குறைவு, மூன்றிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாமே போய்விட்டது.

இன்னொன்றும் அன்றைக்கு ராத்திரிதான் புரிந்தது. கணக்கில் 4.4 வோல்ட் போகவேண்டிய ஒயரில் மீட்டர் ஏன் 1.3 மட்டும் காட்டியது? வோல்டேஜ் இறங்க இறங்க ஸ்ட்ரிப்பே கரண்ட் இழுப்பதைக் குறைத்துக்கொள்கிறது. 1.3ஐ 0.55ஆல் வகுத்தால் சுமார் 2.4 ஆம்பியர். எட்டு எடுக்கவேண்டியது மூன்றில் ஒரு பங்குகூட எடுக்கவில்லை. அதனால்தான் ஒயர் அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. கையில் பிடித்து நிம்மதியானேனே, அந்தக் குளிர்ச்சியே கோளாறின் அடையாளம்தான்.

அப்புறம் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒன் ஸ்கொயரை உருவிவிட்டு ஃபோர் ஸ்கொயர் இழுத்தேன். மூலையில் விடாமல் வராந்தாவின் நடுவுக்குக் கொண்டுபோய் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்து, அங்கிருந்து இடப்பக்கம் ஒரு சுருள், வலப்பக்கம் ஒரு சுருள் என்று தனித்தனியாகக் கொடுத்தேன். ஒயர் 19 மீட்டர் ஆனது, ஆனாலும் மொத்த ரெசிஸ்டன்ஸ் 0.19 ஓம்தான். எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள சின்ன ஸ்குருவைத் திருப்பி 12.7 வைத்தேன். எரியும்போது நடுவில் 11.7, இரண்டு கடைசியிலும் 10.7. மீட்டருக்கு வித்தியாசம் உண்டு, கண்ணுக்கு இல்லை. முதல் நாளே அந்த ஸ்குருவை மட்டும் ஏற்றியிருந்தால் ஓரளவு சமாளித்திருக்கலாம். ஆனால் அது தொடக்கத்தையும் சேர்த்துத்தான் தூக்கும், கடைசி எப்போதும் தொடக்கத்துக்குப் பின்னால்தான் நிற்கும். இப்போதெல்லாம் இந்த மாதிரி தூரத்துக்கு 24 வோல்ட் ஸ்ட்ரிப்தான் வாங்குகிறேன். அதே வாட்டுக்குப் பாதி ஆம்பியர், குறைவும் பாதி, அந்தப் பாதியையும் இரண்டு மடங்கு வோல்ட்டில் பகிர்ந்துகொள்ளலாம்.

வீட்டுக்கார அம்மா வந்து பார்த்தார். "ஸ்ட்ரிப்தான் கெட்டதுன்னு சொன்னீங்களே, மாத்துனதும் சரியாயிடுச்சா?"

"ஆமாங்கம்மா. ஒயரும் கொஞ்சம் பெருசா போட்டுட்டேன்."

பையன் பக்கத்தில் நின்று டூல்ஸைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

ஃபோர் ஸ்கொயர் ஒயருக்கு அவரிடம் காசு வாங்கவில்லை. அதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஸ்ட்ரிப்பிலும் பாதி வோல்டேஜ் போனது உண்மைதானே, முழுக்கப் பொய் சொல்லவில்லையே என்றும் சொல்லிக்கொள்வேன். அடுத்த நிமிஷமே, அது அவ்வளவு போனதற்குக் காரணம் நீ இரண்டு சுருளை வாலில் வால் கட்டியது, ஐந்து மீட்டருக்கு மேல் ஒரே முனையில் கொடுக்காதே என்று பாக்கெட்டிலேயே போட்டிருந்தது என்று ஞாபகம் வரும். கோடை விழாவுக்கு ஆள் வருகிறார்கள், சனிக்கிழமைக்குள் முடிக்கவேண்டும் என்று அவசரம் இருந்தது. அதுவும் உண்மை. ஆனால் பையன் கேட்டதைச் செய்ய ஒரு நிமிஷம் போதும். அவன் கேட்டது எனக்குக் கேட்கவில்லை என்றில்லை. நாலு மாதப் பையன் கேட்கிறான் என்பதுதான் கேட்டது.

இனி எல்லாவற்றையும் எரியவிட்டுத்தான் அளப்பேன் என்று வைத்திருக்கிறேன். செய்யவும் செய்கிறேன். ஆனால் அதைச் செய்தால் இந்த விஷயம் தீர்ந்துவிடும் என்று நினைத்தது நடக்கவில்லை.

போன மாதம் கடைக்குப் போனபோது, வேறொரு ஆள் அந்தப் பழைய கம்பெனி ஸ்ட்ரிப்பைப் பேர் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர் என்னைக் காட்டி, "அது இப்ப எடுக்கறதில்லைங்க. நம்ம தம்பி ஏற்காட்டுல போட்டுப் பார்த்துட்டு சரியில்லைன்னு சொன்னாப்ல" என்றார். நான் கையில் இருந்த 24 வோல்ட் சுருளின் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன். பையன் வெளியில் வண்டியில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அது காதில் விழுந்ததா என்று இன்னும் நான் கேட்கவில்லை.