இணையதளம் இடம் மாறியது, ஆர்டர் வரும் வழி அடைபட்டது

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகக் கடை நடத்துகிறோம். மெக்கானிக்கல் சீல், பேரிங், இம்பெல்லர் என்று மில்களும் குவாரிகளும் விலை கேட்பதும் ஆர்டர் அனுப்புவதும் மின்னஞ்சலில்தான். தளம் மெதுவாகத் திறக்கிறது என்பதால் ஹோஸ்டிங் நிறுவனத்தை மாற்றினோம். தளம் அன்றைக்கே புது இடத்தில் நன்றாகத் திறந்தது. மின்னஞ்சல் நின்றுபோனது. நிற்கப்போகிறது என்று இரண்டு நிறுவனங்களில் ஒன்றுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

விஷயம் தெரிந்த கடைக்காரர்கள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கேட்டதையும் நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதிவிடுகிறேன். எங்கள் டொமைன் பெயருக்குப் பதிலாக `example.com` என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐபி எண்களும் மாதிரிக்குத்தான்.

தளம் திறக்கிறதே, மின்னஞ்சல் மட்டும் ஏன் நிற்க வேண்டும்?

பழைய நிறுவனத்தில் தளமும் அஞ்சல் பெட்டிகளும் ஒரே சர்வரில் இருந்தன. டொமைன் பெயரைத் தேடுகிறவர்களுக்கு எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவுகளும் அங்கேதான் இருந்தன. அந்தப் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரை மாற்றச் சொன்னார்கள் புது நிறுவனத்தார், மாற்றினோம். அந்த நேரத்திலிருந்து உலகம் பழைய பதிவுகளைப் பார்ப்பதில்லை. புது நிறுவனம் எழுதி வைத்திருப்பதைத்தான் பார்க்கிறது. அவர்கள் தளத்தின் முகவரியைத் தங்கள் சர்வருக்குத் திருப்பியதோடு, அஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவையும் வழக்கப்படி தங்கள் சர்வருக்கே எழுதிவிட்டார்கள். எங்கள் அஞ்சல் பெட்டிகளோ பழைய சர்வரில் இருந்தன.

எம்எக்ஸ் பதிவை எழுதாமல் விட்டிருந்தாலும் தப்பியிருக்க முடியாது. எம்எக்ஸ் இல்லாவிட்டால் அனுப்புகிற சர்வர் தளத்தின் ஐபி எண்ணுக்கே அஞ்சலைக் கொண்டுபோகும் என்பது விதி.

கைபேசியில் தெரிந்த அறிகுறி வேறு விதமாக இருந்தது. அஞ்சல் செயலி திரும்பத் திரும்பக் கடவுச்சொல் கேட்டது. செயலியில் நாங்கள் கொடுத்திருந்த `mail.example.com` என்ற பெயரும் புது சர்வருக்குத் திரும்பிவிட்டது. அங்கே எங்கள் கணக்கே இல்லாதபோது எந்தக் கடவுச்சொல்லும் செல்லாது. இந்த நேரத்தில் கடவுச்சொல்லை மாற்றிக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கோளாறு அதில் இல்லை.

வாடிக்கையாளர் பிரிவில் கேட்டால் சொல்ல மாட்டார்களா?

புது நிறுவனத்துக்காரர், "தளம் வேலை செய்கிறது சார், எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்றார். பழைய நிறுவனத்துக்காரர், "டொமைன் எங்களைக் காட்டவில்லை சார், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்றார். இரண்டும் பொய்யில்லை. இரண்டாலும் எனக்கு ஒரு பயனும் இல்லை. மறுபடி அழைத்தபோது வேறொருவர், "டிஎன்எஸ் பரவ 48 மணி நேரம் ஆகும், பொறுங்கள்" என்றார். இந்தப் பதில்தான் மிகவும் ஆபத்தானது. காத்திருந்தால் சரியாகும் கோளாறும் உண்டு, காத்திருக்கும் நேரமெல்லாம் ஆர்டர் திரும்பிப் போகிற கோளாறும் உண்டு. எது என்று விண்டோஸ் கணினியின் கமாண்ட் பிராம்ப்டில் நாமே பார்த்துவிடலாம்:

```
nslookup -type=mx example.com 8.8.8.8
```

எங்களுக்கு வந்த விடையில் `mail exchanger = example.com` என்று இருந்தது. அடுத்து `nslookup example.com 8.8.8.8` என்று கேட்டால் புது சர்வரின் ஐபி எண் வந்தது. மாற்றம் பரவி முடிந்துவிட்டது, பரவியதே தவறான பதிவு என்பது அதிலிருந்து தெரிந்துவிட்டது. இனி எத்தனை நாள் பொறுத்தாலும் ஒன்றும் மாறாது.

இன்னொரு சான்றை ஒரு மில்லின் கொள்முதல் அதிகாரி தந்தார். "நான்கு அயிட்டத்துக்கு விலை கேட்டு அனுப்பினேன், திரும்பி வந்துவிட்டதே" என்று அழைத்தார். திரும்பி வந்த அந்த அறிவிப்பை அப்படியே என் ஜிமெயில் முகவரிக்கு அனுப்பச் சொன்னேன். அதில் இந்த வரி இருந்தது:

```
550 No Such User Here
```

பெட்டி இல்லாத சர்வரின் கதவை அஞ்சல் தட்டியிருக்கிறது என்று இதற்குப் பொருள். 5-ல் தொடங்கும் எண் வந்தால் நிரந்தர மறுப்பு, அனுப்பிய சர்வர் மறுபடி முயலாது. 4-ல் தொடங்கினாலோ, இணைப்பே கிடைக்காவிட்டாலோ, வழக்கமாக நான்கைந்து நாள் வரை மீண்டும் மீண்டும் முயலும். அந்த அஞ்சல்களுக்குப் பிழைக்க வழி உண்டு, எங்களுடையதற்கு இல்லை. உங்கள் அஞ்சல் நின்றால் முதலில் அனுப்பியவரிடம் அந்த அறிவிப்பைக் கேட்டு வாங்குங்கள். உதவிப் பிரிவு சொல்லாததை அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

பழைய எம்எக்ஸ் பதிவை அப்படியே புது இடத்தில் எழுதினால் போதாதா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். போதாது. நாங்கள் அதிக நேரம் இழந்ததும் இந்த இடத்தில்தான்.

பழைய ஹோஸ்டிங் காலாவதியாக இன்னும் சில மாதங்கள் இருந்தன, கடிதங்களும் அங்கேயே இருந்தன. எனவே தளம் புது இடத்தில் ஓடட்டும், அஞ்சலைப் பழைய சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். பழைய ஹோஸ்டிங்கின் நிர்வாகப் பக்கமான சிபேனலுக்குள் போய் `Zone Editor` பகுதியைத் திறந்தால் பழைய பதிவுகள் எல்லாம் அழியாமல் இருந்தன. அங்கே எம்எக்ஸ் பதிவு `example.com` என்று இருந்தது. புது நிறுவனத்து ஊழியர் அதை எழுத்து மாறாமல் எடுத்து எழுதிவிட்டு, "முடிந்தது சார்" என்று புகாரையே மூடிவிட்டார். ஒன்றும் மாறவில்லை. மாறவும் முடியாது. `example.com` என்ற பெயரே இப்போது புது சர்வரைத்தானே காட்டுகிறது! தளமும் அஞ்சலும் ஒரே சர்வரில் இருந்தவரை சரியாக இருந்த பதிவு, இரண்டும் பிரிந்த நிமிடமே தவறாகிவிட்டது.

மறுபடி புகார் கொடுத்தேன். அடுத்து வந்தவர், எம்எக்ஸில் பழைய சர்வரின் ஐபி எண்ணைப் போடலாம் என்றார். அதுவும் கூடாது. எம்எக்ஸ் பதிவில் ஒரு பெயர்தான் இருக்க வேண்டும், அந்தப் பெயருக்கு ஏ பதிவு மூலம் ஐபி எண் இருக்க வேண்டும். கடைசியில் பக்கத்துத் தெருவில் நெட்வொர்க் வேலை செய்யும் தம்பி ஒருவர் கடைக்கு வந்து உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தார். அவர் எழுதியது இவ்வளவுதான்:

```
example.com.       A      198.51.100.20
mail.example.com.  A      203.0.113.10
example.com.       MX  0  mail.example.com.
```

முதல் வரி புது சர்வர், இரண்டாவது வரி பழைய சர்வர், மூன்றாவது வரி அஞ்சலை இரண்டாவது வரிக்கு அனுப்புகிறது. இரண்டாவது வரியைச் சேர்க்கும்போது பிழை காட்டியது. `mail` என்ற பெயரில் புது நிறுவனம் ஏற்கெனவே ஒரு சிநேம் பதிவு, அதாவது ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் பதிவு, வைத்திருந்தது. சிநேம் இருக்கும் பெயருக்கு ஏ பதிவு சேர்க்க முடியாது. அதை அழித்துவிட்டுச் சேர்த்ததும் ஏற்றுக்கொண்டது. "அண்ணா, இனி டிடிஎல் முடிகிறவரை பொறுங்கள்" என்றார் தம்பி. ஒரு பதிவை மற்ற சர்வர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதுதான் டிடிஎல். பழைய எம்எக்ஸ் பதிவின் டிடிஎல் 14400 நொடிகள், அதாவது நான்கு மணி நேரம். இந்தக் காத்திருப்பு நியாயமானது. சாயங்காலம் கைபேசி கடவுச்சொல் கேட்பதை நிறுத்தியது, ஜிமெயிலிலிருந்து நான் அனுப்பிய சோதனைக் கடிதம் கடையின் இன்பாக்ஸில் வந்து நின்றது. அந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

அதோடு முடிந்ததா?

வெளியிலிருந்து வரும் அஞ்சல் வந்தது. ஆனால் எங்கள் தளத்தில் விலை கேட்டு நிரப்பும் படிவம் மட்டும் வரவில்லை. நிரப்பியவருக்கு 'அனுப்பப்பட்டது' என்று காட்டுகிறது, எங்களுக்கு ஒன்றும் வருவதில்லை.

படிவத்தின் அஞ்சல் புறப்படுவது புது சர்வரிலிருந்து. `example.com` தன்னுடைய சொந்த டொமைன் என்று அந்த சர்வர் நினைத்துக்கொண்டிருப்பதால், எம்எக்ஸ் பதிவைப் பார்க்காமலே தனக்குள் பெட்டியைத் தேடிவிட்டுக் கைவிடுகிறது. புது சிபேனலில் `Email Routing` என்ற பகுதிக்குப் போய் `Remote Mail Exchanger` என்பதைத் தேர்ந்தெடுத்ததும் படிவங்கள் வரத் தொடங்கின. ஜிமெயிலிலிருந்து சோதித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். தளத்தின் படிவத்தையும் ஒருமுறை நிரப்பிப் பாருங்கள்.

அனுப்பும் பக்கத்திலும் ஒரு வேலை பாக்கி இருந்தது. எங்கள் பெயரில் எந்த சர்வர் அஞ்சல் அனுப்பலாம் என்று சொல்லும் பழைய எஸ்பிஎஃப் பதிவும், அஞ்சலில் உள்ள கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் டிகிம் பதிவும் நேம்சர்வரோடு போய்விட்டன. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் யாரும் இவற்றில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். எங்கள் விலைப்பட்டியல்கள் சில வாடிக்கையாளர்களின் ஸ்பேம் பெட்டிக்குப் போயிருந்தன. இரண்டு சர்வர்களும் அனுப்புவதால் இரண்டின் ஐபி எண்ணையும் ஒரே எஸ்பிஎஃப் பதிவில் சேர்த்தோம்:

```
v=spf1 ip4:203.0.113.10 ip4:198.51.100.20 ~all
```

சர்வருக்கு ஒன்றாக இரண்டு எஸ்பிஎஃப் பதிவு எழுதினால் இரண்டுமே செல்லாது. டிகிம் பதிவைப் பழைய `Zone Editor` பகுதியிலிருந்து `default._domainkey` என்ற பெயரில் அப்படியே எடுத்து எழுதலாம்.

நடுவில் வந்த அஞ்சல்கள் கிடைத்தனவா?

ஒரு பகுதி கிடைத்தது. நேம்சர்வர் மாறிய முதல் சில மணி நேரத்தில், பழைய பதிவை நினைவில் வைத்திருந்த சர்வர்கள் பழைய இடத்துக்கே அனுப்பியிருந்தன. டொமைன் பெயர் திரும்பிவிட்டதால் பழைய வெப்மெயிலை ஐபி எண் கொடுத்துத்தான் திறக்க முடிந்தது:

```
https://203.0.113.10:2096
```

சான்றிதழ் பொருந்தவில்லை என்று உலாவி எச்சரிக்கும். அந்த ஐபி எண் உங்கள் பழைய சிபேனலில் காட்டும் எண்தானா என்று சரிபார்த்துவிட்டு உள்ளே போங்கள். அங்கே சில ஆர்டர்கள் படிக்கப்படாமல் கிடந்தன.

550 என்று திருப்பி அனுப்பப்பட்டவை எந்த சர்வரிலும் இல்லை. அவற்றுக்கு ஒரே வழி தொலைபேசிதான். வழக்கமாக ஆர்டர் தரும் ஒவ்வொருவரையும் அழைத்து, "எங்களுக்கு அனுப்பியது திரும்பி வந்ததா, மறுபடி அனுப்ப முடியுமா?" என்று கேட்டோம். பெரும்பாலோர் அனுப்பினார்கள். ஒரு குவாரிக்காரர் வேறு கடையில் வாங்கிவிட்டார்.

பழைய ஹோஸ்டிங்கை எப்போது ரத்து செய்யலாம் என்று கேட்கிறவர்களுக்கு: அஞ்சல்களை வேறு இடத்தில் நகலெடுத்து, எம்எக்ஸ் பதிவை அங்கே திருப்பி, புதுப் பெட்டியில் அஞ்சல் வந்து இறங்குவதைப் பார்த்த பிறகுதான். நாங்கள் தண்டர்பேர்டில் பழைய பெட்டியையும் புதுப் பெட்டியையும் ஐமேப் கணக்குகளாகச் சேர்த்து, ஒவ்வொரு கோப்புறையாக நகலெடுத்துக்கொண்டிருக்கிறோம். இன்பாக்ஸ் முடிந்துவிட்டது. அனுப்பிய கடிதங்களின் கோப்புறை பெரியது, இணைப்புகளோடு மெதுவாகத்தான் ஏறுகிறது. அதுவும் முடிகிறவரை பழைய நிறுவனத்தின் புதுப்பித்தல் கட்டணத்தைக் கட்டிவிட்டுத்தான் இருப்பேன்.