வருத்தத்தின் பெயரைச் சொல்லாத ஆறு வாரம்

2025 ஜூன் 3, செவ்வாய்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மத்தியானம் உள்துறைமுக வீதியில் நடந்தால் முகத்தில் மணலை வாரி இறைக்கிற மாதிரி இருக்கிறது.

நான் வேலை பார்ப்பது ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில். கப்பல் எந்த நேரத்தில் வருகிறதோ அந்த நேரத்தில் ஆவணங்களோடு போக வேண்டும். இரவு என்றும் பகல் என்றும் கிடையாது. சில நேரம் கப்பல் வெளியே நங்கூரமிட்டு நிற்கும். படகில் போய், பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியில் ஏற வேண்டும்.

போன வாரம் எனக்கு ஒரு வருத்தம் இருப்பதாக டொக்டர் சொன்னார். தொடர்ந்து மருந்து எடுக்க வேண்டிய வருத்தம். மருந்தின் அளவு சரியாக அமையும் வரை, ஆறு வாரம் அளவில், வேலையில் சில மாற்றங்கள் வேண்டும். வருத்தத்தின் பெயரை இங்கேயும் எழுதப்போவதில்லை. இதில் என் பெயர் இல்லை என்றாலும், ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். திருகோணமலை சின்ன ஊர்.

இவ்வளவு பயம் எதற்கு என்றால், மூன்று வருடத்துக்கு முன் எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒன்று. ஒரு அக்கா லீவுக்குக் கொடுத்த மெடிக்கலை யாரோ போட்டோ எடுத்து, அவருக்குப் பதிலாக யார் வருவது என்று கேட்டு அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அதில் வருத்தத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. போட்டவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்த அக்கா திரும்பி வந்த அன்று, ஆளாளுக்கு அவருக்கு மருந்து சொன்னார்கள்.

ஜூன் 5, வியாழன்

கிளினிக். வரிசையில் இரண்டரை மணி நேரம் இருந்தபோது நியமனக் கடிதத்தை மறுபடி வாசித்தேன். இரண்டு நாளுக்கு மேல் லீவு எடுத்தால் பதிவுபெற்ற மருத்துவரின் சான்றிதழ் வேண்டும் என்று மட்டுமே இருக்கிறது. என்ன வருத்தம் என்று சான்றிதழில் இருக்க வேண்டும் என ஒரு வரியும் இல்லை. எங்களைப் போன்ற அலுவலகங்களுக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டமும் அப்படித்தான். வருடத்துக்கு 7 நாள் கெஷுவல் லீவுக்குச் சுகவீனம் ஒரு காரணம் என்கிறது, சுகவீனத்தின் பெயரைக் கேட்கவில்லை.

டொக்டரிடம் கேட்டேன்: “சேர், நோயின் தன்மை என்ற இடத்தில் பெயர் எழுதாமல் விடலாமா?” அவர் சிரித்தார். “உங்கள் சம்மதம் இல்லாமல் நான் எழுதுவதே சரியில்லை” என்றார். ‘மருத்துவச் சிகிச்சையில் உள்ளார்’ என்று எழுதி, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்றும் குறித்தார். காய்ச்சல் என்று போட்டுவிடுங்கள் என்று பக்கத்தில் இருந்த ஐயா ஒருவர் எனக்காகப் பரிந்துபேசினார். டொக்டர் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

எல்லாம் சரி, முத்திரையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதில் அவருடைய துறை தெளிவாக இருக்கிறது. அந்த ஒரு சொல்லை வாசித்தால் போதும், மேலே எவ்வளவு மறைத்து எழுதியும் பயனில்லை. அதை வெள்ளை மை பூசி மறைத்து போட்டோகொப்பி எடுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், உண்மையைச் சொல்கிறேன். அது திருத்திய ஆவணம் ஆகிவிடும். மறைக்க வேண்டியதே இல்லாத ஒன்றுக்காக வேலையை இழக்கிற வழி. அதனால் வாயைத் திறந்து கேட்டேன். அதே பிரிவில் வேலை செய்யும் இளைய டொக்டரின் முத்திரையில் ‘மருத்துவ அதிகாரி’ என்பதும் பதிவு இலக்கமும் மட்டுமே இருந்தன. அவரும் என்னைப் பார்த்துப் பரிசோதித்தவர்தான். வைத்தியசாலையின் பொதுத் தாளில் அவர் எழுதி ஒப்பமிட்டார். கூடுதலாக ஆனது ஐந்து நிமிடம்.

ஜூன் 8, ஞாயிறு

கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் நகல் ஒரு பக்கம் வந்தது. பெயர் எங்கேயும் இல்லை என்று எனக்கே பெருமை. இரவில் தூக்கம் கெடக் கூடாது, வாரத்துக்கு ஒரு முறை காலையில் இரத்தம் எடுக்க வேண்டும், வெயிலில் நிற்கும் நாட்களில் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், கை சற்று நடுங்கலாம் என்று எல்லாம் விளக்கி எழுதியிருந்தேன்.

மச்சாள் நேர்ஸ். தேநீரோடு வந்து, கடிதத்தை வாசித்து, பத்து விநாடியில் மருந்தின் பெயரைச் சொன்னாள். அவளுக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

“அத்தான், இதைவிட நீங்கள் பெயரையே எழுதியிருக்கலாம்.”

தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே காட்டாத விவரங்கள். நாலையும் ஒன்றாக வைத்தால் விடை வந்துவிடுகிறது. விளக்கம் சொன்னால்தான் நம்புவார்கள் என்ற பயத்தில் எழுதியது அது. அவள் பேனாவை எடுத்து ‘ஏன்’ என்பதற்கான வரிகளை எல்லாம் வெட்டினாள், ‘என்ன வேண்டும்’ என்பதை மட்டும் விட்டாள். இரத்தப் பரிசோதனை போய், வியாழக்கிழமை தாமதமாக வருவது மட்டும் நின்றது. தண்ணீர் முழுவதும் போனது. தண்ணீர் குடிக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

நடுக்கத்தையும் வெட்டப் போனாள். அங்கேதான் எங்களுக்குள் வாக்குவாதம். கை நடுங்குகிறவன் இரவில் ஆடுகிற படகிலிருந்து கயிற்றேணி ஏறினால் என்ன ஆகும்? எனக்கு மட்டும் இல்லை, கீழே படகில் நிற்கிறவனுக்கும்தான். அலுவலக வானையும் நான்தான் ஓட்டுகிறேன், பின்னால் இரண்டு பேர் இருப்பார்கள். இதைச் சொல்லாமல் விட எனக்கு உரிமை இல்லை. மனதளவில் அதைத்தான் மறைக்க விரும்பினேன் என்பது வேறு விஷயம், ஏணி ஏறுவதில் எனக்கு ஒரு கெத்து உண்டு. கடைசியில் நடுக்கம் போனது, ஏணியும் வாகனமும் நின்றன. என்ன வேலை செய்யக் கூடாது என்று தெரிந்தால் அவர்களுக்குப் போதும்.

ஜூன் 10, செவ்வாய்

பொசன் போயா, அலுவலகம் இல்லை. கடிதத்தை முடித்தேன். ஆங்கிலத்தில்தான் கொடுப்பேன், இங்கே தமிழில்:

“மருத்துவக் காரணங்களால் ஜூன் 16 முதல் ஜூலை 27 வரை எனக்குப் பின்வரும் ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன. இரவு 10 மணிக்குப் பின் பணி வேண்டாம். அலுவலக வாகனம் ஓட்டுவதையும் கப்பல் ஏணி ஏறுவதையும் தவிர்க்க வேண்டும். வியாழக்கிழமைகளில் காலை 10 மணிக்கு வருவேன். மற்ற வேலைகள் அனைத்தையும் வழமைபோலச் செய்வேன். ஜூலை 24ஆம் திகதி மருத்துவரைப் பார்த்தபின் இவற்றில் எவை தொடர வேண்டும் என எழுத்தில் அறிவிப்பேன். மருத்துவரின் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. இவற்றை என் தனிக்கோப்பில் வைத்து, பணிப்பட்டியல் தயாரிப்பவருக்கு ஏற்பாடுகளை மட்டும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

கடைசி வரி அந்த அக்காவுக்காக. முடிவுத் திகதி மேலாளருக்காக. திகதி இல்லாத கோரிக்கையைப் பார்த்தால் யாருக்கும் வயிற்றில் புளி கரைக்கும், அந்தக் கலக்கத்தில்தான் என்ன வருத்தம் என்று துருவுவார்கள்.

தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை (2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம்) குறிப்பிடலாமா என்று யோசித்தேன். சுகாதாரத் தகவலை அது விசேட வகைத் தரவு என்கிறது. ஆனால் அதன் முக்கியப் பகுதிகள் இந்த மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து தள்ளிப்போய்விட்டன. முதல் கடிதத்திலேயே சட்டத்தைத் தூக்கினால் சண்டைக்கு வந்த மாதிரியும் இருக்கும். விட்டுவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

மூடிய உறையில் மேலாளர் கையிலேயே கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தார்.

“என்ன வருத்தம் தம்பி? நாங்கள் ஒரு குடும்பம் மாதிரித்தானே.”

நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். வீட்டில் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன்: “டொக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார் சேர், கேட்டதற்கு நன்றி. வேலைக்கு என்ன மாற்றம் வேண்டும் என்பது கடிதத்தில் இருக்கிறது. அதில் ஏதாவது தெளிவில்லை என்றால் எழுதித் தாருங்கள், டொக்டரிடம் கொண்டுபோகிறேன்.”

“தொற்றுகிறது இல்லையே?”

“இல்லை சேர்.” இது அவர் கேட்க வேண்டிய கேள்வி. ஒரே அறையில் ஆறு பேர் இருக்கிறோம்.

“கான்சர் கின்சர்...”

இங்கே நிறுத்த வேண்டும். இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்வது சுலபம், ஆனால் ஒவ்வொன்றாக இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே போனால், பதில் சொல்லாமல் நிற்கிற கேள்விதான் விடை. “பெயரைப் பற்றிப் பேசாமல் விடுவோம் சேர்” என்றேன். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு நாட்காட்டியை இழுத்து, “அப்போ வியாழக்கிழமைகளில் யாரைப் போடுவது?” என்றார். அந்தக் கேள்விக்கு நான் தயாராகப் போகவில்லை, முழித்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

மருத்துவக் காப்புறுதிப் பணம் கோரும் படிவம். இதில் வருத்தத்தின் பெயர் இல்லாமல் முடியாது. பணம் கொடுப்பவன் எதற்கு என்று கேட்பது நியாயம். ஆனால் படிவம் அலுவலகம் வழியாகப் போக வேண்டும் என்பதுதான் வழக்கம். பார்த்தால் அலுவலகம் ஒப்பமிடும் இடம் முதல் பக்கத்தில், டொக்டர் நிரப்பும் இடம் இரண்டாவது பக்கத்தில். அதனால் முதலில் அலுவலகத்தில் ஒப்பம் வாங்கி, அப்புறம் கிளினிக்குக் கொண்டுபோய் நிரப்பி, பற்றுச்சீட்டுகளோடு நேரே காப்புறுதி நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டபோது, அப்படி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தார்கள். மருந்துக் கடைப் பற்றுச்சீட்டின் நகல் ஒன்றை மேசையில் மறந்துவிட்டு வந்து, பாதி வழியில் திரும்பி ஓடியதையும் எழுதி வைக்கிறேன். அதில் மருந்தின் பெயர் இருந்தது.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. விடியற்காலையில் அப்பாவுக்குத் தர்ப்பணம். கோணேசர் கோயில் பக்கம் தீர்த்தமாட வந்த கூட்டத்தைக் கடந்து கிளினிக்குப் போகவே ஒன்பதரை ஆகிவிட்டது.

நடுக்கம் நின்றுவிட்டது. வாகனமும் ஏணியும் இனி ஏலும் என்றார் டொக்டர். இரவுப் பணி இன்னும் மூன்று மாதம் வேண்டாம். புதிய கடிதம் மூன்று வரி, அதே மருத்துவ அதிகாரியின் முத்திரை.

ஜூலை 28, திங்கள்

ஓகஸ்ட் மாதப் பணிப்பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கிறது. என் பெயருக்கு நேரே ‘பகல் மட்டும்’. கீழே இன்னொரு பெயருக்கு நேரேயும் அதே இரண்டு சொல். அவருக்கு என்ன என்று எனக்குத் தெரியாது. பார்த்துவிட்டு வானின் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன், பத்தரைக்கு ஒரு கப்பல்.