பத்து முறை 0.1

அன்று நியூமெரிக்கல் மெத்தட்ஸ் லேப் முடிய கால் மணி நேரம் இருந்தது. ஒரு மாணவன் தன் லேப்டாப்பைத் திறந்தபடியே என் மேசைக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். "மேம், என் லேப்டாப்ல பாஸ் ஆகுது, லேப் சிஸ்டத்துல ஃபெயில்னு வருது. ஒரே ஃபைல்தான் மேம், பென் டிரைவ்ல காப்பி பண்ணிட்டுத்தான் வந்தேன்."

இந்தப் பேச்சை லேப்பில் வாரம் ஒருமுறையாவது கேட்டுவிடுவேன். பெரும்பாலும் பழைய ஃபைலை ஓட்டியிருப்பார்கள், அல்லது சேவ் செய்திருக்க மாட்டார்கள். இவன் விஷயத்தில் இரண்டும் இல்லை. பயிற்சியும் மிகச் சின்னது. ஒரு பட்டியலில் இருக்கும் நேர இடைவெளிகளைக் கூட்டி மொத்தத்தைத் தர வேண்டும். விடையைத் திருத்துவதற்கு நான் எழுதிவைத்திருந்த டெஸ்ட் இது:

```python
def test_total():
    assert total([0.1] * 10) == 1.0
```

பத்து முறை 0.1 என்றால் 1. அதில் தப்பு என்ன இருக்க முடியும் என்று நினைத்து எழுதியது. அவன் நிரலை லேப் கணினியில் ஓட்டி, விடையை அச்சிட்டுப் பார்த்தேன். 0.9999999999999999 என்று வந்தது. அவன் லேப்டாப்பில் அதே நிரல் 1.0 என்றது.

காரணம் பிடிபட அன்று சாயங்காலம் ஆகிவிட்டது. லேப் கணினிகளில் இருந்தது பைத்தான் 3.10. அவன் வீட்டில் போட்டிருந்தது 3.12. அவன் `sum()` பயன்படுத்தியிருந்தான். 3.12 பதிப்பிலிருந்து அந்த `sum()` மாறிவிட்டது. ஒவ்வொரு கூட்டலிலும் கழன்று விழும் துணுக்கைத் தனியாகச் சேர்த்துவைத்து, கடைசியில் திருப்பிச் சேர்க்கிறது. பழைய பதிப்பு அந்தத் துணுக்குகளைக் கீழேயே விட்டுவிடும். பக்கத்து இருக்கை மாணவி `for` சுற்றில் ஒவ்வொன்றாகக் கூட்டியிருந்தாள். அவளுக்கு எந்தக் கணினியிலும் பாஸ் ஆகாது. இரண்டு பேர் நிரலிலும் பிழை இல்லை. பிழை என் டெஸ்டில் இருந்தது. அதனால் மதிப்பெண் இழந்தது அவர்கள்.

அன்றிரவே வகுப்பு முழுவதற்கும் ஒரு மெயில் அனுப்பினேன். அவசரத்தில் எழுதிய நான்கு வரி. "ஃப்ளோட்டிங் பாயிண்ட் எண்களை == வைத்து ஒப்பிடக் கூடாது. எல்லா டெஸ்டிலும் 0.001 டாலரன்ஸ் சேர்த்திருக்கிறேன். மதிப்பெண்களைத் திருத்திவிட்டேன். மன்னிக்கவும்." மன்னிப்பு சரிதான். 0.001 தான் அடுத்த தவறு. அது தெரிய எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

அடுத்தடுத்த லேப்களில் ட்ரெப்பிசாய்டல் விதி வந்தது. சைன் வளைவின் கீழுள்ள பரப்பை 0 முதல் π வரை நூறு துண்டுகளாகப் போட்டுக் கூட்ட வேண்டும். உண்மையான விடை 2. நூறு துண்டில் இந்த விதி தருவது 1.9998355. என் டெஸ்ட், மாணவர் விடையை நான் அதே விதியில் போட்டுவைத்த இந்த 1.9998355 உடன் ஒப்பிட்டது. எல்லோரும் பாஸ். ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்துப் போட உட்கார்ந்தபோதுதான் ஒரு நிரலில் சுற்று `range(1, n - 1)` என்று இருந்ததைக் கவனித்தேன். `range(1, n)` என்று இருக்க வேண்டும். கடைசிக்கு முந்தைய புள்ளி கணக்கில் சேரவே இல்லை.

அப்படியானால் எப்படிப் பாஸ் ஆனது? நோட்டின் ஓரத்திலேயே போட்டுப் பார்த்தேன். ஒரு துண்டின் அகலம் 0.0314. விட்டுப்போன புள்ளியில் சைன் மதிப்பு கிட்டத்தட்ட அதேதான், 0.0314. பெருக்கினால் 0.000987. நான் கொடுத்திருந்த டாலரன்ஸ் 0.001. ஒரு முழுப் புள்ளி காணாமல் போயும், நான் திறந்துவைத்திருந்த சந்துக்குள் அது நுழைந்து போய்விட்டது. முதல் டெஸ்ட் சரியான நிரலைத் தவறு என்றது. இந்த டெஸ்ட் தவறான நிரலைச் சரி என்றது. கற்றுக்கொள்ள வந்தவருக்கு இரண்டாவதுதான் அதிகக் கெடுதல் என்று எனக்குப் பட்டது. முதலாவதில் மாணவன் சண்டைக்காவது வருவான். இதில் யாரும் வர மாட்டார்கள்.

இரண்டாவது மெயிலை உட்கார்ந்து யோசித்து எழுதினேன். வழக்கம்போல ஆங்கிலத்தில் தொடங்கி, இரண்டாவது பத்தியிலேயே தமிழுக்கு மாறிவிட்டேன். காரணம், சொல்ல வந்ததற்கான சொற்கள் தமிழில் தயாராக இருந்தன.

கணினிக்குத் தெரிந்த பின்னங்கள் அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம் என்று பாதி பாதியாகப் போகிறவை மட்டும்தான். நம் பழைய கணக்கில் மா என்று இருபதில் ஒன்று உண்டு. அதனால் பத்தில் ஒன்றை இருமா என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். கணினிக்கு மா கிடையாது. பத்தில் ஒன்றை அது வீசத்தையும் அரைவீசத்தையும் கூட்டித்தான் எட்டிப் பிடிக்க வேண்டும். பதினாறில் ஒன்றும் முப்பத்திரண்டில் ஒன்றும் சேர்ந்தால் 0.09375. போதாது. அடுத்து 256-இல் ஒன்று, 512-இல் ஒன்று. இப்போது 0.099609375. இப்படியே போய்க்கொண்டே இருக்கும், முடியாது. மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று எழுதத் தொடங்கினால் முடியாமல் போகிற அதே கதை. கணினியில் 53 பிட் வரைதான் இடம், அதோடு நறுக்கி, கடைசி பிட்டைச் சரிசெய்துகொள்கிறது. ஆக, நீங்கள் 0.1 என்று தட்டியதும் உள்ளே உட்காருவது 0.1-ஐவிட ஒரு துளி பெரிய வேறொரு எண்.

இதற்குக் கீழே, ஒவ்வொரு கூட்டலுக்குப் பிறகும் திரையில் என்ன வருகிறது என்று காட்டினேன். 0.1, 0.2 வரை ஒழுங்கு. மூன்றாவதில் 0.30000000000000004. அப்புறம் 0.4, 0.5, 0.6, 0.7. எட்டாவதில் 0.7999999999999999. பத்தாவதில் 0.9999999999999999. மேலே போன பிழை திரும்பிக் கீழே வருவதை இதில் கண்ணால் பார்க்கலாம். ஒவ்வொரு கூட்டலின் விடையும் மறுபடி 53 பிட்டுக்குள் அடங்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு முறையும் பக்கத்தில் கிடைக்கிற எண்ணுக்குத் தள்ளப்படுகிறது. சில முறை மேலே, சில முறை கீழே. கூட்டும் வரிசையை மாற்றினால் கடைசி இலக்கமும் மாறலாம். எந்த வரிசை சரி என்று கேள்வித்தாளில் நான் சொல்லவில்லை. சொல்லாத ஒன்றுக்கு மதிப்பெண் பிடிக்கக் கூடாது.

பிறகு 0.001 பற்றி எழுதினேன். டாலரன்ஸ் என்றதும் அதைச் சலுகை என்று பலர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் தள்ளி வந்தாலும் மேம் விட்டுடுவாங்க" என்று ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. முதல் வருட ஒர்க்‌ஷாப்பில் அவர்கள் கையில் வாங்கிய வரைபடத்தில் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் டாலரன்ஸ் போட்டிருக்கும். அதைப் போட்டவர் எந்த லேத், எந்தப் பொருத்தம் என்று பார்த்துப் போட்டிருப்பார். நான் மட்டும் நினைவுக்கு வந்த ஒரு எண்ணை எழுதிவிட்டேன்.

எந்த அளவு தள்ளிப் போகலாம் என்பதைக் கணக்குப் போட முடியும். பக்கத்து எண்ணுக்குத் தள்ளும்போது ஒரு கூட்டலில் வரும் பிழை, விடையில் அதிகபட்சம் 1.1e-16 பங்கு. நூறு கூட்டல் என்றால், எல்லாம் ஒரே பக்கம் சாய்கிற மோசமான நிலையிலும் சுமார் 1.1e-14. சைன் மதிப்புகளில் வரும் பிழைக்கும் இடம் விட்டு 1e-12 என்று வைத்தால் தாராளம். விட்டுப்போன புள்ளியின் 0.000987 இதைவிடப் பல கோடி மடங்கு பெரியது, தப்பவே முடியாது. ஒப்பிடுவது 1.9998355 உடன் அல்லாமல் உண்மை விடையான 2 உடன் என்றால் கதை வேறு. அங்கே இருக்கும் 0.000164 வித்தியாசம் விதியுடையது, கணினியுடையது அல்ல. துண்டுகளை இரு மடங்காக்கினால் அது கால்வாசியாகக் குறையும். அதற்குத் தனி டாலரன்ஸ் வேண்டும். இரண்டையும் ஒரே எண்ணில் போட்டுக் குழப்பியதுதான் நான் செய்தது.

விடை பூஜ்யமாக வரும் டெஸ்டுகளைப் பற்றியும் ஒரு பத்தி சேர்த்தேன். 0 முதல் 2π வரை போட்டால் மேலே உள்ள பரப்பும் கீழே உள்ளதும் அடித்துக்கொண்டு 0 வர வேண்டும். கணினியில் பூஜ்யத்தை ஒட்டி ஏதாவது ஒரு துணுக்கு மிஞ்சும். `math.isclose` பங்கு வைத்துப் பார்க்கிறது. அதுவும் இரண்டு எண்களில் பெரியதில் பங்கு. ஒன்று பூஜ்யம் என்றால் மிஞ்சிய துணுக்குதான் பெரியது, வித்தியாசமும் அது முழுவதும்தான், அதனால் எவ்வளவு நெருங்கினாலும் ஒப்புக்கொள்ளாது. அங்கே `abs_tol` கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பதை விடையை வைத்துச் சொல்ல முடியாது. கூட்டப்பட்டவை எவ்வளவு பெரியவை என்று பார்க்க வேண்டும். இங்கே குறியை விட்டுவிட்டுக் கூட்டினால் 4 வரும். ஆகவே 4e-12.

அனுப்பிவிட்டு மனம் லேசாகத் தூங்கினேன். மறுவாரம், `for` சுற்று போட்ட அதே மாணவி வந்தாள். "மேம், உங்க 1e-12 எனக்குப் பத்தலை." பத்து முறைக்குப் பதிலாகப் பத்து லட்சம் முறை 0.1-ஐக் கூட்டிப் பார்த்திருக்கிறாள். வர வேண்டியது 1,00,000. வந்தது 100000.00000133288. பங்காகப் பார்த்தால் 1.3e-11. நிரலில் தவறில்லை, என் டெஸ்ட் அதைத் தவறு என்கிறது. பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டேனோ என்று ஒரு நொடி இருந்தது. அவள் கையில் ஒரு தாள் இருந்தது. "கூட்டல் பத்து லட்சம் மேம். 1.1e-16-ஆல பெருக்கினா 1.1e-10 வருது. நான் அதுக்குள்ளதான இருக்கேன்?"

இருந்தாள். மெயிலில் நூறுக்குப் போட்ட கணக்கை நானே எண்ணிக்கையோடு சேர்த்து எழுதியிருக்க வேண்டும். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து டெஸ்டை மாற்றினேன்:

```python
u = 2.0 ** -53
assert math.isclose(total([0.1] * n), n / 10, rel_tol=n * u)
```

`n` பத்தாக இருக்கும்போது ஓட்டினோம், பத்து லட்சத்திலும் ஓட்டினோம். பிறகு அவளே பட்டியலிலிருந்து ஒரே ஒரு 0.1-ஐ எடுத்துவிட்டு இன்னொரு முறை ஓட்டச் சொன்னாள். பத்து லட்சத்தில் ஒன்று குறைந்ததும் டெஸ்ட் ஃபெயில் என்றது. "இப்ப சரி மேம்" என்று தாளை மடித்து ரெக்கார்ட் நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.